ஓடுமா, ஓடாதா? – சோதனைத் தளங்களின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்?

கணிப்பொறி விளையாட்டு ஒன்றை விலை கொடுத்து வாங்குமுன், அல்லது அந்த விளையாட்டிற்காகவே ஒரு லேப்டாப்பை வாங்குமுன், இன்று பலரும் முதலில் செய்வது என்ன? ‘இது நம் கணிப்பொறியில் ஓடுமா?’ என்று வலைத்தளம் ஒன்றைக் கேட்பதே. இதற்கென்றே சில தளங்கள் இருக்கின்றன. அவற்றுள் பலரும் அறிந்தது ‘கேன் யூ ரன் இட்’ என்பது. விளையாட்டின் பெயரைக் கொடுத்தால் சில விநாடிகளில் பச்சைக் குறியோ சிவப்புக் குறியோ வந்துவிடுகிறது. அந்தக் குறியை நம்பி அறுபதாயிரம் எழுபதாயிரம் ரூபாய் செலவிடும் குடும்பங்களும் உண்டு. ஆகையால் அந்தக் குறி எப்படிப் பிறக்கிறது, எந்த இடத்தில் அதை நம்பலாம், எந்த இடத்தில் அது வழி தவறச் செய்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில், அத்தளம் என்ன செய்கிறது? விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு சிறிய சோதனை நிரலை இறக்கிக்கொள்ளச் சொல்கிறது. அந்த நிரல் நம் கணிப்பொறியினுள் இருக்கும் பொருள்களின் பெயர்களைப் படிக்கிறது: பிராசசர் எது, கிராபிக்ஸ் கார்டு எது, ராம் எத்தனை ஜி.பி., விண்டோஸ் எந்தப் பதிப்பு, டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலி. பின்னர் அத்தளம், விளையாட்டைத் தயாரித்த நிறுவனம் வெளியிட்ட இரண்டு பட்டியல்களோடு இவற்றை ஒப்பிடுகிறது. ஒன்று குறைந்தபட்சத் தேவை. மற்றொன்று பரிந்துரைக்கப்படும் தேவை. நம்முடையது சமமாகவோ மேலாகவோ இருந்தால் பச்சை, குறைவானால் சிவப்பு. வேறு சில தளங்களில் நிரல் எதுவும் இல்லை. நாமே பெயர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்.

இந்தச் செய்முறையில் எந்த இடத்திலும் விளையாட்டு ஓட்டிப் பார்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சமையல் குறிப்பையும் வீட்டுச் சாமான் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது போன்றது இது. குறிப்பில் அரிசி இரண்டு படி, வீட்டில் அரிசி மூன்று படி, எனவே சரி என்று சொல்லிவிடலாம். அந்த அரிசி பச்சரிசியா புழுங்கலரிசியா, அடுப்பு எரிகிறதா என்பதெல்லாம் பட்டியலுக்குத் தெரியாது. எனவே அத்தளத்தின் தீர்ப்பு எவ்வளவு சரியாயிருக்கும் என்பது இரண்டைப் பொறுத்தது: நிறுவனத்தின் பட்டியல் எவ்வளவு தெளிவானது, நம் கணிப்பொறியில் உள்ள பொருளின் பெயர் அப்பொருளின் வலிமையை எவ்வளவு தூரம் சொல்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு விளையாட்டைக் கொள்வோம். ‘மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்’ என்பது விமானம் ஓட்டும் விளையாட்டு. பிரான்சு நாட்டைச் சேர்ந்த அசோபோ ஸ்டுடியோ உருவாக்கியது; 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. பூமி முழுவதையும் அதில் பறந்து பார்க்கலாம். சண்டையோ சுடுதலோ இல்லாததால் பெற்றோர் ஆட்சேபிக்காத விளையாட்டு. விமானிப் பயிற்சி பெற ஆசைப்படும் பிள்ளைகளும் விரும்புவது.

2020 பதிப்பிற்கு வெளியிடப்பட்ட குறைந்தபட்சத் தேவையில் 8 ஜி.பி. ராம், 150 ஜி.பி. டிஸ்க் இடம், கிராபிக்ஸ் கார்டாக என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 770 அல்லது ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 570 என்றிருந்தது. பரிந்துரைக்கப்பட்டது 16 ஜி.பி. ராம், ஜி.டி.எக்ஸ். 970 அல்லது ஆர்.எக்ஸ். 590. இவற்றோடு இணைய வேகமும் குறிக்கப்பட்டிருந்தது: குறைந்தபட்சம் விநாடிக்கு 5 மெகாபிட், பரிந்துரை 20.

இந்தப் பட்டியலை ஒருமுறை படித்ததும் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘குறைந்தபட்சம்’ என்றால் எந்த அளவிற்கு? திரையில் காட்சி அசைவது, ஒரு விநாடிக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. 60 படங்கள் வந்தால் வழுக்கிச் செல்வது போலிருக்கும். 30 வந்தால் விமானம் ஓட்டப் போதும். 15க்குக் குறைந்தால் விமானத்தைத் தரையிறக்கும் போது கை ஒரு பக்கமும் காட்சி ஒரு பக்கமுமாகப் போய்விடும். மேற்சொன்ன பட்டியலில் இந்த எண் இல்லை. திரையின் அளவும் காட்சியின் தரமும் இல்லை. சில நிறுவனங்கள் இவற்றையும் சேர்த்து வெளியிடுகின்றன, பல வெளியிடுவதில்லை. குறைந்தபட்சம் என்ற சொல்லுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான இலக்கணம் கிடையாது. ஆகவே பச்சைக் குறி வந்ததும் நாம் ‘நன்றாக ஓடும்’ என்று வாசிக்கிறோம். அது சொன்னதோ ‘நிறுவனம் எழுதிய பெயரை எட்டிவிட்டாய்’ என்பது மட்டுமே.

பட்டியலுக்குள்ளேயே சமமின்மையும் உண்டு. ஜி.டி.எக்ஸ். 770 வந்தது 2013இல்; ஆர்.எக்ஸ். 570 வந்தது 2017இல். பின்னது கணிசமாக வேகமானது. இரண்டையும் ‘அல்லது’ என்ற சொல்லால் இணைத்துவிட்டார்கள். 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அதன் குறைந்தபட்சத் தேவையில் என்விடியா பக்கம் 2014இல் வந்த ஜி.டி.எக்ஸ். 970 இருக்கிறது, ஏ.எம்.டி. பக்கம் 2019இல் வந்த ஆர்.எக்ஸ். 5700 இருக்கிறது. ஒருவரிடம் ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 580 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஜி.டி.எக்ஸ். 970க்கு இளைத்ததல்ல. ஆயினும் ஏ.எம்.டி. பெயரை ஏ.எம்.டி. பெயரோடு ஒப்பிடும்போது அவருக்குச் சிவப்புக் குறி. அடுத்த வீட்டில் 970 வைத்திருப்பவருக்குப் பச்சைக் குறி. இது சோதனைத் தளத்தின் தவறன்று. கொடுத்த அளவுகோலே கோணல். ஆனால் சிவப்பைப் பார்த்துப் புதிய கார்டு வாங்கச் சென்றால் பணம் போவது நம்முடையது. இத்தகைய தளங்கள் பலவும் விளம்பரத்தாலும் பொருள்களை விற்கும் கடைகளுக்கான இணைப்புகளாலும் நடப்பவை என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

இனி இரண்டாவது பக்கத்திற்கு வருவோம். பெயர் ஒன்றாயிருந்து பொருள் வேறாக இருந்தால்?

என்விடியாவின் ஜி.டி. 1030 விலை குறைந்த கார்டு. 2017இல் வந்தபோது அதில் ஜி.டி.டி.ஆர். 5 என்ற வேகமான நினைவகம் இருந்தது. விநாடிக்கு 48 ஜி.பி. தகவலை அது கொண்டு போய்க் கொடுத்தது. 2018இல் அதே பெயரில் டி.டி.ஆர். 4 நினைவகம் வைத்த கார்டும் விற்பனைக்கு வந்தது. அதன் வேகம் விநாடிக்கு 16.8 ஜி.பி. மட்டுமே, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். இரண்டிலும் நினைவகத்தின் அளவு 2 ஜி.பி. பெயரையும் அளவையும் மட்டும் பார்க்கும் சோதனைக்கு இவ்விரண்டும் ஒன்றே. விளையாடுபவருக்கோ ஒன்று ஓடும் குதிரை, மற்றொன்று நொண்டிக் குதிரை. ஜி.டி.எக்ஸ். 1060ஐயும் இவ்வாறே சொல்லலாம். 3 ஜி.பி., 6 ஜி.பி. என இரண்டு வகை வந்தது. வித்தியாசம் நினைவகத்தில் மட்டும் என்று பலர் நினைத்தனர். உள்ளே கணக்கிடும் அலகுகளும் 1152, 1280 என வேறு வேறு.

லேப்டாப் விஷயத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. இங்கேதான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது எங்கள் கருத்து. மேசைக் கணிப்பொறியில் கார்டுக்குப் பெரிய விசிறியும் தாராளமான மின்சாரமும் கிடைக்கும். லேப்டாப்பிலோ மெல்லிய உடலுக்குள் சூடு தங்காமல் பார்க்க வேண்டும். எனவே தயாரிப்பாளர் அந்தச் சில்லுக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுப்பது என்று தாமே முடிவு செய்கிறார். ஆர்.டி.எக்ஸ். 3050 லேப்டாப் சில்லுக்கு என்விடியா அறிவித்த வரம்பு 35 வாட் முதல் 80 வாட் வரை. ஆர்.டி.எக்ஸ். 3060 லேப்டாப் சில்லுக்கு 60 முதல் 115 வரை. 35 வாட் பெறும் சில்லும் 80 வாட் பெறும் சில்லும் ஒரே பெயரைத்தான் சொல்லும். கேட்கும் நிரலும் அந்தப் பெயரைத்தான் எழுதிக்கொள்ளும். வாட் குறைந்த சில்லு மெதுவாகவே வேலை செய்யும். அதற்கு வேறு வழியில்லை.

தலைகீழாக, பொருள் ஒன்றாயிருந்து பெயர் மாறுவதும் உண்டு! இன்டெல் நிறுவனத்தின் 11ஆம் தலைமுறை லேப்டாப் பிராசசர்கள் சிலவற்றின் உள்ளேயே ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்ற கிராபிக்ஸ் இருக்கிறது. லேப்டாப்பில் இரண்டு ராம் துண்டுகள் இணையாக வேலை செய்தால் விண்டோஸ் அதை ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று காட்டும். ஒரே ஒரு துண்டு இருந்தால் அதே சில்லை `Intel UHD Graphics` என்று காட்டும். ஏனெனில் இந்தக் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமையே நம்பியிருக்கிறது. ஒரு துண்டு என்றால் ஒற்றைவழிப் பாதை, இரண்டு துண்டு என்றால் இருவழிப் பாதை. கடையில் விலைச்சீட்டில் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று பார்த்து, தளத்தில் கையால் அப்பெயரைக் கொடுத்துப் பச்சை வாங்கிவிட்டு, வீட்டிற்கு வந்து திரையில் வேறு பெயரைக் கண்டு திகைப்பவர்கள் இருக்கிறார்கள்.

லேப்டாப்பில் இன்னொரு குழப்பமும் நேர்வதுண்டு. இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் ஒன்றும் என்விடியா சில்லு ஒன்றும் என இரண்டு இருக்கும்போது, சோதனை நிரல் சில சமயம் திரையை இயக்கிக்கொண்டிருக்கும் இன்டெல்லை மட்டும் படித்துவிட்டுச் சிவப்புக் குறி காட்டும். வலிமையானது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். ராமிலும் இப்படிப்பட்ட பொய்யான ‘இல்லை’ வரலாம். உள்ளமைந்த கிராபிக்ஸ் தனக்கென்று ராமில் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்வதால் விண்டோஸ் `8.00 GB (5.88 GB usable)` என்று காட்டுவதுண்டு. நிரல் எந்த எண்ணைப் படிக்கிறதோ அதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும்.

தயாரித்தவர்களே நடத்தும் சோதனையும் இதில் தடுமாறியதுண்டு. 2021 ஜூனில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 11 நம் கணிப்பொறியில் ஓடுமா என்று சொல்ல ஒரு சோதனை நிரலை வெளியிட்டது. அது பலருக்கு ‘ஓடாது’ என்றது. ஏன் என்று சொல்லவில்லை. டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி கணிப்பொறியில் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருந்ததே பலருக்குக் காரணம். பயாஸ் அமைப்பில் அதைப் போட்டுவிட்டால் போதும். காரணம் தெரியாத தீர்ப்பால் குழப்பம் மிகுந்ததால் அந்த நிரலைச் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள்; காரணத்தையும் சொல்லும்படி திருத்தி அதே ஆண்டில் மறுபடி தந்தார்கள்.

இவ்வளவும் சொன்னதால் இத்தளங்கள் வீண் என்று கருத வேண்டாம். அவற்றின் ‘இல்லை’ மிக நம்பத்தக்கதாக இருக்கும் இடங்கள் உண்டு. 16 ஜி.பி. கேட்கும் விளையாட்டிற்கு நம்மிடம் 4 ஜி.பி. இருந்தால் அந்தச் சிவப்பு சத்தியம். 64 பிட் விண்டோஸ் வேண்டுமென்றால் 32 பிட்டில் ஓடவே ஓடாது. விளையாட்டு எதிர்பார்க்கும் டைரக்ட் எக்ஸ் வசதி கார்டில் இல்லையென்றால் விளையாட்டு திறக்கவே மறுக்கும். அதுபோல, பரிந்துரையைவிட வெகு தூரம் மேலே நிற்கும் கணிப்பொறிக்கு வரும் பச்சையும் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. தூரம் பெரிதாக இருந்தால் தீர்ப்பு உறுதி. கோட்டருகே நின்றால் தீர்ப்பு ஆட்டம். ஆனால் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கணிப்பொறிகள் அந்தக் கோட்டருகேதானே நிற்கின்றன!

இதை ஒரு வீட்டில் நடந்ததைக் கொண்டு விளக்குவோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த 2022இல், விமானிப் பயிற்சியில் சேரும் எண்ணத்தோடு இருந்தார். கல்லூரிப் படிப்புக்கும் இந்த விளையாட்டிற்கும் சேர்த்து ஒரு லேப்டாப் வாங்க அவர்களுடைய அப்பா ஏலச்சீட்டு எடுத்து 62,000 ரூபாய் வைத்திருந்தார். கடையில் இரண்டு லேப்டாப்புகள் அந்த விலைக்குள் வந்தன. இரண்டிலும் இன்டெல் ஐ5 பிராசசர், 4 ஜி.பி. நினைவகத்துடன் ஆர்.டி.எக்ஸ். 3050, ஒரே துண்டாக 8 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று மெலிதாக, அழகாக, பையில் வைக்க எளிதாக இருந்தது. மற்றது தடியாக, அரை கிலோ கூடுதலாக இருந்தது.

சோதனைத் தளத்தில் அக்கா பெயர்களைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே விடை. பிராசசர் பரிந்துரையைத் தாண்டியது. கிராபிக்ஸ் பரிந்துரையைத் தாண்டியது. ராம் குறைந்தபட்சத்தை எட்டியது, பரிந்துரையை எட்டவில்லை. ‘ஓடும்’ என்பதே முடிவு.

“இரண்டும் ஒன்றுதானேம்மா, கனம் குறைந்ததை எடுத்துக்கொள்” என்றார் அப்பா.

“பொறுங்கள் அப்பா, ஒன்றைப் பார்த்துவிடுகிறேன்” என்று அக்கா கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, இரண்டு லேப்டாப்பிலும் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து `System Information` என்ற பகுதியைப் பார்த்தார். அதில் `Maximum Graphics Power` என்ற வரி உண்டு. மெலிந்ததில் 50 வாட். தடித்ததில் 75 வாட். ஒரே பெயர், ஒரே பச்சைக் குறி; ஆனால் மின்சாரத்தில் பாதிக்குப் பாதி கூடுதல். பிறகு டாஸ்க் மேனேஜரில் `Performance` பகுதியில் `Memory`யைப் பார்த்தபோது `Slots used: 1 of 2` என்றிருந்தது. அதாவது இன்னொரு ராம் துண்டு போட இடம் காலியாக இருந்தது. தடித்ததையே வாங்கி, சில மாதம் கழித்து இன்னொரு 8 ஜி.பி. துண்டும் போட்டார்கள்.

அந்த லேப்டாப் இன்றும் அவ்வீட்டில் இருக்கிறது. இக்கட்டுரைக்காக நாங்கள் நால்வர் ஒரு சனிக்கிழமை அங்கே போய்ச் சில சோதனைகள் செய்தோம். 2020 பதிப்பையே ஓட்டினோம். காட்சித் தரத்தை நடுத்தரத்தில் வைத்தோம். ஒரே விமானம், ஒரே வழி.

16 ஜி.பி. ராமோடு, மின்சார இணைப்பில் வைத்து ஓட்டியபோது கடலோரத்தில் விநாடிக்கு 40 படங்களுக்குக் குறையவில்லை. நியூயார்க் நகரத்தின் கட்டடங்களின் மேல் 27, 28 என்று இறங்கியது. ஆனாலும் ஓட்ட முடிந்தது.

பிறகு, கணிப்பொறி பழுது பார்க்கும் தோழியின் மாமா ஒரு ராம் துண்டைக் கழற்றிவிட்டார். இப்போது 8 ஜி.பி.; சோதனைத் தளத்தின்படி இன்னும் ‘குறைந்தபட்சம் தேறியது’. கடலோரத்தில் எண் சிறிதே குறைந்தது. நகரத்திற்குள் நுழைந்ததும் காட்சி சில விநாடிகளுக்கு ஒருமுறை நின்று நின்று போனது. ஒருமுறை முழுதாக மூன்று விநாடி நின்றது. ஏன் என்று மாமா விளக்கினார். விண்டோஸ் தனக்கே மூன்று ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மீதியில் நகரத்தின் அத்தனை கட்டடங்களும் அடங்காதபோது, அடங்காததை எஸ்.எஸ்.டி.யில் வைத்துவிட்டு வேண்டும்போது எடுத்து வருகிறது. எஸ்.எஸ்.டி. வேகமானதுதான், ராமோடு ஒப்பிட்டால் மிக மெதுவானது. சராசரி எண்ணைக் கேட்டால் 24 என்று நல்ல பெயராகவே சொல்லும். அந்த மூன்று விநாடி நிற்பதை அது சொல்லாது. தரையிறங்கும் நேரத்தில் மூன்று விநாடி என்றால் விமானம் ஓடுபாதையில் இருக்காது. (எங்களில் ஒருத்தி ஹட்சன் ஆற்றில் இறக்கிவிட்டாள்.)

மூன்றாவதாக, ராமைத் திரும்பப் போட்டு, சார்ஜர் கம்பியை மட்டும் கழற்றினோம். பாட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் சில்லுக்குக் கொடுக்கும் மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 40 இருந்த இடத்தில் 18 வந்தது. விடுதியில் அடிக்கடி மின்சாரம் நின்றாலும் பாட்டரியில் விளையாடலாம் என்று எண்ணி வாங்குபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கடைசியாக இணையம். இந்த விளையாட்டு பூமியின் நிழற்படங்களை டிஸ்க்கில் வைத்திருப்பதில்லை. பறக்கப் பறக்க மைக்ரோசாஃப்டின் கணிப்பொறிகளிலிருந்து இறக்கிக்கொள்கிறது. அங்கே இருக்கும் மொத்தத் தகவல் இரண்டு பெட்டாபைட்டுக்கு மேல்; அதாவது அந்த 512 ஜி.பி. டிஸ்க்கைப் போல ஏறத்தாழ நாலாயிரம் டிஸ்க்குகள் வேண்டும். வீட்டு இணைப்பை அணைத்துவிட்டு மாமாவின் கைபேசி வழியாக இணைத்தோம். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. விநாடிக்கு எத்தனை படம் என்ற எண் குறையவே இல்லை. ஆனால் கீழே தெரிந்த ஊர், வண்ணம் கரைந்த மெழுகு போல மங்கலாக நின்றது. லேப்டாப்பின் பாகங்களை மட்டும் அளக்கும் சோதனை இதை எவ்வாறு அறியும்?

நான்கு நிலையிலும் தளத்தின் விடை ‘ஓடும்’ என்பதே. அது பொய் சொல்லவும் இல்லை. நான்கு நிலையிலும் விளையாட்டு ஓடத்தான் செய்தது.

அப்படியானால் வாங்குபவர் என்ன செய்யலாம்? ஏற்கெனவே வீட்டில் கணிப்பொறி இருந்தால், தளத்தின் விடையோடு நிற்காமல் அது படித்த பெயர்கள் சரியா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்தி இந்தக் கட்டளையைக் கொடுக்கலாம்.

```
dxdiag
```

திறக்கும் சாளரத்தில் `Display` என்ற பக்கத்தில் ஒரு கிராபிக்ஸ் பெயர் இருக்கும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் மற்றது `Render` என்ற பக்கத்தில் இருக்கும். தளம் இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும். விலை குறைந்த கார்டானால் அதன் நினைவக வகையையும் பெட்டியில் தேடிப் படிக்க வேண்டும், ஜி.டி. 1030இல் டி.டி.ஆர். 4 என்றிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னும் வாங்காத லேப்டாப் என்றால், கார்டின் பெயரைக் கொண்டு தேடாமல் லேப்டாப்பின் முழு மாடல் எண்ணைக் கொண்டு தேடி, அதே மாடலில் அதே விளையாட்டை ஒருவர் ஓட்டிக் காட்டும் காணொளியைப் பார்ப்பது மேல். அதில் திரை அளவு, காட்சித் தரம், ராம் எத்தனை என்ற மூன்றும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். காலியான கிராமத்தின் மேல் பறந்து காட்டுபவரைவிட நகரத்தின் மேல் பறந்து காட்டுபவரே நமக்கு உதவுவார்.

விளையாட்டை மட்டும் வாங்குவதானால் எல்லாவற்றிலும் உறுதியான சோதனை ஓட்டிப் பார்ப்பதே. ஸ்டீம் கடையில் வாங்கிய விளையாட்டை 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை, எளிய இடங்களில் சுற்றாமல், விளையாட்டின் மிகக் கடினமான இடத்தில் செலவிட வேண்டும். இந்த ஃப்ளைட் சிமுலேட்டரில் மட்டும் ஒரு சிக்கல் எழுந்தது. 2020இல் ஸ்டீமில் முதலில் இறங்கியது சிறு நிரல்தான். மீதி 90 ஜி.பி.க்கு மேற்பட்டதை விளையாட்டைத் திறந்த பிறகே இறக்க வேண்டியிருந்தது. அந்நேரமெல்லாம் விளையாடிய நேரமாகக் கணக்கில் ஏறியது. மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்கு ஒருமுறை கூடப் பறக்குமுன்பே இரண்டு மணி கடந்துவிட்டது.

2024 பதிப்பு வந்தபின் அக்கா மறுபடி அத்தளத்தில் பார்த்தாராம். குறைந்தபட்ச ராம் இப்போது 16 ஜி.பி.; பரிந்துரை 32. ஒரு துண்டோடு விட்டிருந்தால் சிவப்பு வந்திருக்கும். இரண்டு துண்டு இருப்பதால் பச்சை வந்தது. ஆனால் அந்தப் பச்சை, முன்பு 8 ஜி.பி.க்கு வந்த பச்சையைப் போலவே கோட்டின் மேல் நிற்கும் பச்சை. “இது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்” என்று சொல்லி, அக்கா இன்னும் 2020 பதிப்பிலேயே பறந்துகொண்டிருக்கிறார்.